கிடப்பில் விழுந்த மெசேஜை யார் எடுப்பது?

தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது பஸ் டிக்கெட் தளத்தில் இருக்கை பிடித்து, பணமும் கட்டியாகிவிட்டது. வங்கியிலிருந்து பணம் எடுத்த செய்தி உடனே வருகிறது. டிக்கெட் எஸ்எம்எஸ் மட்டும் வரவில்லை. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் பார்க்கிறோம். பிறகு திடீரென்று வந்துவிடுகிறது. சில சமயம் அதே டிக்கெட் இரண்டு முறை வருகிறது. சில தளங்களில் வராமலே போய்விடுகிறது.

‘நெட்வொர்க் பிசி’ என்று எல்லோரும் இதற்குப் பொதுவாக ஒரு காரணம் சொல்வோம். பல நேரம் உண்மை அதுவல்ல. தளத்தின் உள்ளே, எஸ்எம்எஸ் அனுப்பும் வேலையைக் கையில் வாங்கிய நிரல் ஒன்று பாதியில் செத்துப்போயிருக்கும். அந்த வேலையை வேறொருவர் கண்டுபிடித்து எடுத்துச் செய்தாரா, எத்தனை நேரம் கழித்து எடுத்தார், ஏற்கெனவே முடிந்த வேலையைத்தான் மறுபடி செய்தாரா என்பதைப் பொறுத்து மேலே சொன்ன மூன்றில் ஒன்று நடக்கும். இப்படிப்பட்ட வேலைகளைப் பங்கிட உலகெங்கும் பரவலாகப் பயன்படும் ஒரு கருவி ரெடிஸ் ஸ்ட்ரீம். அதில் ஒரு டிக்கெட்டின் பயணத்தைப் பின்தொடர்ந்து போனால் இந்த மூன்று நிமிட மர்மம் விளங்கிவிடும்.

ரெடிஸ் என்பது தகவல்களை வட்டில் தேடாமல் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும் ஒரு டேட்டாபேஸ். இத்தாலியின் சிசிலித் தீவைச் சேர்ந்த சால்வத்தோரே சான்பிலிப்போ 2009-ல் அதை வெளியிட்டார். வேகம்தான் அதன் புகழுக்குக் காரணம். அதனால் ஆரம்பத்திலிருந்தே நிரலாளர்கள் அதை வேலைகளை வரிசையில் போட்டுவைக்கும் இடமாகவும் பயன்படுத்தினார்கள். டிக்கெட் தளம் பணம் வந்ததும் எஸ்எம்எஸ் நிறுவனத்தின் பதிலுக்காகப் பயணியைக் காக்க வைக்க முடியாது. ‘இந்த டிக்கெட்டுக்கு எஸ்எம்எஸ் அனுப்பு’ என்று ஒரு மெசேஜை வரிசையில் போட்டுவிட்டு, திரையில் நன்றி சொல்லி அனுப்பிவிடும். பின்னால் வொர்க்கர் எனப்படும் நிரல்கள் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யும்.

பழைய முறையில் இதற்கு ரெடிஸின் லிஸ்ட் போதும். ஒரு முனையில் போடு, மறுமுனையில் எடு. எடுத்ததும் மெசேஜ் வரிசையிலிருந்து மறைந்துவிடும் என்பதுதான் அதில் சிக்கல். எடுத்த வொர்க்கர் அடுத்த நொடியே செத்தால், அந்த டிக்கெட் வரிசையிலும் இல்லை, யார் கையிலும் இல்லை. எடுக்கும்போதே வேறொரு லிஸ்ட்டில் நகல் வைத்துச் சமாளித்தார்கள்; ஆனால் யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்ற கணக்கையெல்லாம் அவரவரே எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. 2018 அக்டோபரில் வந்த ரெடிஸ் 5.0 அந்தக் கணக்கைத் தானே வைத்துக்கொள்ள ஆரம்பித்தது. அதுதான் ஸ்ட்ரீம். அதன் கன்ஸ்யூமர் குரூப் என்ற யோசனை காஃப்காவிலிருந்து வந்தது என்று ரெடிஸின் ஆவணமே சொல்கிறது. ஆனால் செய்யும் விதம் வேறு. காஃப்கா வழக்கமாக ‘இதுவரை படித்தாயிற்று’ என்று ஒரு கோடு போட்டுவைக்கும். ரெடிஸ் ஒவ்வொரு மெசேஜுக்கும் தனித்தனியாகக் கணக்கு வைக்கும்.

நம் டிக்கெட்டுக்கு வருவோம். பணம் வந்ததும் தளம் ரெடிஸிடம் இப்படிச் சொல்கிறது:

```
> XADD tickets * booking B48213
"1760500000412-0"
```

`tickets` என்பது ஸ்ட்ரீமின் பெயர். நட்சத்திரக் குறிக்கு ‘ஐடியை நீயே போட்டுக்கொள்’ என்று பொருள். ரெடிஸ் திருப்பித் தந்த அந்த நீண்ட எண்தான் இனி இந்த மெசேஜின் அடையாளம். கோட்டுக்கு முன்னால் இருப்பது, 1970 ஜனவரி 1 முதல் கடந்த மில்லிவினாடிகள். அதைப் பிரித்துப் பார்த்தால் 2025 அக்டோபர் 15, இந்திய நேரம் காலை 9 மணி 16 நிமிடம் 40 வினாடி. அதே மில்லிவினாடியில் இன்னொரு டிக்கெட் வந்தால் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் 0 ஒன்றாகும். ஐடியைப் பார்த்தே மெசேஜ் எப்போது பிறந்தது என்று சொல்லிவிடலாம் என்பது பிறகு தடயம் தேடும்போது பெரிய உதவி. மெசேஜில் பயணியின் பெயரோ செல்பேசி எண்ணோ இல்லை என்பதையும் கவனியுங்கள். பதிவு எண் மட்டும் போதும், மற்றதை வொர்க்கர் டேட்டாபேஸில் பார்த்துக்கொள்ளும். ஸ்ட்ரீமைத் திறந்து பார்ப்பவர் கண்ணிலெல்லாம் ஊரார் செல்பேசி எண்கள் படவேண்டிய அவசியமில்லை.

அடுத்து குரூப். எஸ்எம்எஸ் அனுப்பும் வொர்க்கர்களுக்கு `sms` என்று ஒரு குரூப்பை, தளம் தொடங்கும் முன் ஒரே ஒருமுறை உருவாக்கியிருப்பார்கள்:

```
> XGROUP CREATE tickets sms 0 MKSTREAM
OK
```

இந்தக் குரூப்பில் மூன்று வொர்க்கர்கள் இருந்தால், ஸ்ட்ரீமில் வரும் மெசேஜ்கள் அவர்களுக்குள் பங்கிடப்படும். ஒன்று எடுத்தது மற்றவருக்குப் போகாது. கணக்குப் பிரிவுக்கு `accounts` என்று இன்னொரு குரூப் இருந்தால், அதே மெசேஜ்கள் அனைத்தும் அதற்கும் தனியாகக் கிடைக்கும். நடுவில் இருக்கும் 0 ‘ஸ்ட்ரீமின் தொடக்கத்திலிருந்து கொடு’ என்பதைக் குறிக்கிறது. அந்த இடத்தில் `$` போட்டால் ‘இனிமேல் வருவதை மட்டும் கொடு’ என்றாகிவிடும். குரூப் உருவாகும் முன்பே நூறு டிக்கெட் ஸ்ட்ரீமில் விழுந்திருந்தால், அந்த நூறும் இந்தக் குரூப்புக்குக் கிடைக்காது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. புதிதாக ஸ்ட்ரீம் பழகுகிறவர்கள் தடுக்கி விழும் முதல் கல் இது.

இப்போது `w2` என்ற வொர்க்கர் வேலை கேட்கிறது:

```
XREADGROUP GROUP sms w2 COUNT 10 BLOCK 5000 STREAMS tickets >
```

‘நான் sms குரூப்பைச் சேர்ந்த w2. பத்து மெசேஜ் வரை கொடு. ஒன்றும் இல்லையென்றால் ஐந்து வினாடி காத்திருக்கிறேன்’ என்பது இதன் சாரம். கடைசியில் இருக்கும் `>` குறி ‘இந்தக் குரூப்பில் இதுவரை யாருக்கும் கொடுக்காததைக் கொடு’ என்கிறது.

ரெடிஸ் B48213-ஐக் கொடுக்கிறது. கொடுக்கும்போதே தன் நிலுவைப் பட்டியலில் நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்கிறது: மெசேஜின் ஐடி, வாங்கியவர் பெயர், கொடுத்த நேரம், எத்தனையாவது முறை கொடுக்கிறோம் என்ற எண்ணிக்கை. வொர்க்கர் ‘முடித்துவிட்டேன்’ என்று சொல்லும்வரை இந்த வரி பட்டியலை விட்டுப் போகாது. சொல்வதற்கான கட்டளை இதுதான்:

```
> XACK tickets sms 1760500000412-0
(integer) 1
```

1 என்று பதில் வந்தால் நிலுவை நீங்கியது. 0 வந்தால் அந்த ஐடி பட்டியலிலேயே இல்லை. ஏற்கெனவே யாரோ ஒப்புகை கொடுத்திருக்கலாம், அல்லது குரூப் பெயரைத் தவறாக அடித்திருக்கலாம். இந்தப் பதிலைப் பெரும்பாலான நிரல்கள் படிப்பதே இல்லை. குறைந்தபட்சம் லாகில் எழுதிவைத்தால்கூடப் பல மணிநேரத் தேடல் மிச்சமாகும்.

ஒப்புகையை எந்த இடத்தில் கொடுப்பது என்பதில்தான் ஸ்ட்ரீமின் பயனே இருக்கிறது. மெசேஜை வாங்கியவுடன் ஒப்புகை கொடுத்துவிட்டு எஸ்எம்எஸ் அனுப்பப் போனால், நடுவில் சாகும் வொர்க்கர் அந்த டிக்கெட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும். பழைய லிஸ்ட் முறைக்கே திரும்பிவிட்டோம் என்று பொருள். எஸ்எம்எஸ் நிறுவனம் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று பதில் சொன்ன பிறகுதான் ஒப்புகை போகவேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றும். ஆனால் நிரலில் பிழை பிடிக்கும் பகுதிக்குக் கீழே, வேலை வெற்றியா தோல்வியா என்று பார்க்காமல் எப்படியும் ஓடும் இடத்தில் `XACK`-ஐ எழுதிவைப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. எஸ்எம்எஸ் நிறுவனம் பிழை என்று திருப்பினாலும் ஒப்புகை போய்விடும். நிலுவைப் பட்டியல் துடைத்ததுபோல் சுத்தமாக இருக்கும். ஒரு குறையும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

நம் w2 ஒழுங்கான வொர்க்கர்தான். ஆனால் அன்று கூட்டம். மெசேஜை வாங்கிய சற்று நேரத்தில் அது ஓடிய கணினியில் நினைவகம் தீர்ந்துபோய், இயங்குதளம் அதைக் கொன்றுவிட்டது. ஒப்புகை போகவில்லை.

இந்த இடத்தில் ரெடிஸ் தானாக என்ன செய்யும் என்று கேட்டால், பதில் பலருக்கு வியப்பாக இருக்கும். ஒன்றுமே செய்யாது. w2 செத்துவிட்டது என்பதே ரெடிஸுக்குத் தெரியாது. இணைப்பு அறுந்ததை வைத்து மெசேஜைத் திரும்ப வரிசையில் போடும் வேறு கருவிகள் உண்டு. ராபிட்எம்க்யூ அப்படிச் செய்யும். ரெடிஸ் ஸ்ட்ரீமில் w2 என்பது வெறும் பெயர். மற்ற வொர்க்கர்கள் `>` போட்டு எத்தனை முறை கேட்டாலும் B48213 வராது, ஏனென்றால் அது ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. யாராவது போய் நிலுவைப் பட்டியலைத் திறந்து பார்க்கும்வரை, மணிக்கணக்காக, நாட்கணக்காக அது கிடப்பில் கிடக்கும்.

w2 திரும்ப எழுந்து வந்தால் தன் பழைய நிலுவையைத் தானே கேட்டு வாங்க ஒரு வழி இருக்கிறது. `>` இருக்கும் இடத்தில் `0` போட்டால், புதியதைக் கொடுக்காமல், அந்தப் பெயரில் இருக்கும் நிலுவைகளை ரெடிஸ் கொடுக்கும். எந்த வொர்க்கரும் எழுந்தவுடன் முதலில் இதைக் கேட்டுவிட்டுத்தான் புதிய வேலைக்குப் போகவேண்டும். ஆனால் இது அதே பெயரோடு திரும்பி வருகிறவர்களுக்கு மட்டும்தான் உதவும். இன்று பெரும்பாலான தளங்களில் வொர்க்கர் செத்தால் புதிய கன்டெய்னர் ஒன்று தற்செயலான புதுப் பெயரோடு பிறக்கிறது. புதியவருக்கு w2 யாரென்றே தெரியாது. அதனால்தான் அடுத்தவர் நிலுவையை எடுத்துக்கொள்ளும் வழி தேவைப்படுகிறது.

முதலில் பட்டியலைப் பார்ப்போம். ஒரு நிமிடத்துக்கு மேல் கிடப்பில் இருப்பவற்றை மட்டும் காட்டு என்று கேட்கிறோம்:

```
> XPENDING tickets sms IDLE 60000 - + 10
1) 1) "1760500000412-0"
   2) "w2"
   3) (integer) 184220
   4) (integer) 1
```

மூன்றாவது எண்தான் கிடப்பு நேரம், மில்லிவினாடியில். மூன்று நிமிடம் நான்கு வினாடி. நான்காவது எண், இதுவரை ஒரே ஒருமுறைதான் கொடுக்கப்பட்டிருக்கிறது என்கிறது. இனி w3 அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறது:

```
> XAUTOCLAIM tickets sms w3 60000 0-0 COUNT 10
1) "0-0"
2) 1) 1) "1760500000412-0"
      2) 1) "booking"
         2) "B48213"
3) (empty array)
```

‘அறுபதாயிரம் மில்லிவினாடிக்கு மேல் கிடக்கும் நிலுவைகளில் பத்து வரை என் பெயருக்கு மாற்று’ என்பது கட்டளை. பதிலின் முதல் வரியில் இருப்பது, அடுத்த முறை எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்ற குறி. `0-0` என்று வந்தால் பட்டியல் முழுவதும் பார்த்தாயிற்று. வேறு ஐடி வந்தால் அதையே அடுத்த கேள்வியில் போடவேண்டும். மூன்றாவது வரி, நிலுவையில் பெயர் இருந்தும் ஸ்ட்ரீமிலிருந்தே அழிந்துபோன மெசேஜ்களின் பட்டியல். இந்த வரி 7.0 பதிப்பிலிருந்துதான் வருகிறது. `XAUTOCLAIM` கட்டளையே 6.2 பதிப்பில் 2021-ல்தான் வந்தது. அதற்கு முன் `XPENDING` போட்டு ஐடிகளைத் தெரிந்துகொண்டு, `XCLAIM` போட்டு மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

w1-உம் w3-உம் ஒரே நேரத்தில் இப்படிக் கேட்டால் இருவருக்கும் கிடைத்துவிடாதா என்ற சந்தேகம் வரும். வராது. ரெடிஸ் கட்டளைகளை ஒவ்வொன்றாகத்தான் நிறைவேற்றுகிறது. w3 கேட்டதும் மெசேஜ் பெயர் மாறுவதோடு கிடப்பு நேரமும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அடுத்த கணம் w1 கேட்கும்போது அது அறுபது வினாடி கிடந்த மெசேஜ் இல்லை. நிபந்தனையிலேயே தட்டுப்பட்டுவிடும். தனியாகப் பூட்டு எதுவும் தேவையில்லாமல் நேரத்தை வைத்தே வழக்கைத் தீர்த்திருப்பது எனக்கு இந்த வடிவமைப்பில் மிகப் பிடித்த இடம்.

எத்தனை வினாடி கிடந்தால் ‘சிக்கிக்கொண்டது’ என்று முடிவு கட்டுவது? அறுபது என்று மேலே போட்டோம். அது வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை, ஆனால் கணக்குப் போடாமல் பலரும் போட்டுவைக்கும் எண். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். w1 ஒரே தடவையில் பத்து மெசேஜ் வாங்குகிறது. வழக்கமாக ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப அரை வினாடிதான். தீபாவளி நெரிசலில் எஸ்எம்எஸ் நிறுவனம் திணறி, ஒவ்வொன்றுக்கும் எட்டு வினாடி எடுக்கிறது. w1 சாகவில்லை, ஒன்றன்பின் ஒன்றாக உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. எட்டாவது மெசேஜை 56-ஆவது வினாடியில் தொடங்கி 64-இல் முடிக்கும். ஒன்பதாவதை 64-இலும் பத்தாவதை 72-ஆவது வினாடியிலும்தான் தொடவே போகிறது. ஆனால் பத்துக்கும் கடிகாரம் ஓடத் தொடங்கியது ரெடிஸ் அவற்றைக் கொடுத்த முதல் வினாடியிலேயே. அறுபதைத் தாண்டியதும் w3 வந்து எட்டு, ஒன்பது, பத்து மூன்றையும் எடுத்துக்கொள்ளலாம். w1-க்கு அது தெரியாது. அதுவும் தன் போக்கில் மூன்றையும் அனுப்பும். மூன்று பயணிகளுக்கு டிக்கெட் இரட்டிப்பாகப் போகும்.

இதில் இன்னொரு கேடு ஒளிந்திருக்கிறது. எஸ்எம்எஸ் நிறுவனம் ஏற்கெனவே திணறும்போது நாம் அதே வேலையை இரண்டாகப் பெருக்கி அனுப்புகிறோம். அதனால் அது இன்னும் மெதுவாகும். இன்னும் நிறைய மெசேஜ்கள் அறுபதைத் தாண்டும். இரட்டை எஸ்எம்எஸ் புகார்கள் கூட்ட நாட்களில் மட்டும் கொத்தாக வருவதற்கு இதுதான் காரணம். சாதாரண நாளில் சோதித்துப் பார்ப்பவருக்கு இது கண்ணிலேயே படாது.

ஆகவே கெடுவை முடிவு செய்யும் முன், ஒரு வேலை அதிகபட்சம் எத்தனை நேரம் இழுக்கலாம் என்று நாமே ஒரு வரம்பு கட்டவேண்டும். எஸ்எம்எஸ் நிறுவனத்துக்குப் பேசும்போது பத்து வினாடிக்கு மேல் காத்திருக்காதே என்று வொர்க்கரில் எழுதவேண்டும். பைத்தானில் பலரும் பயன்படுத்தும் `requests` நூலகம், நாமாகச் சொல்லாவிட்டால் பதிலுக்காகக் காலவரையின்றிக் காத்திருக்கும் என்பது நினைவில் இருக்கட்டும். பத்து வினாடி வரம்பு, ஒரு தடவைக்கு ஐந்து மெசேஜ் என்றால், மோசமான நிலையிலும் ஐம்பது வினாடிதான். கெடுவை இரண்டு நிமிடம் என்று வைத்தால் உயிரோடு இருப்பவர் கையிலிருந்து பிடுங்கும் ஆபத்து அநேகமாகப் போய்விடும். செத்தவர் கையில் சிக்கிய டிக்கெட் இரண்டு நிமிடம் தாமதமாகப் போகும், அவ்வளவுதான். கெடுவைக் குறைத்தால் இரட்டிப்பு கூடும், கூட்டினால் தாமதம் கூடும். இரண்டில் எது பரவாயில்லை என்பது தொழிலைப் பொறுத்தது. எஸ்எம்எஸ்ஸுக்குத் தாமதம் பரவாயில்லை என்பது என் கட்சி.

வேலையே அரைமணி நேரம் ஓடும் வகை என்றால் கெடுவை ஒரு மணிநேரமாக்கத் தேவையில்லை. வொர்க்கர் தன் மெசேஜைத் தானே மறுபடி உரிமை கோரலாம்:

```
XCLAIM tickets sms w1 0 1760500000412-0 JUSTID
```

இருபது வினாடிக்கு ஒருமுறை இதைச் சொல்லிக்கொண்டிருந்தால் கிடப்பு நேரம் பூஜ்யத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். `JUSTID` என்று போடுவதால் மெசேஜின் உள்ளடக்கம் திரும்ப வராது, கொடுத்த எண்ணிக்கையும் ஏறாது. உயிரோடு இருக்கிறேன் என்று அவ்வப்போது குரல் கொடுப்பதற்கு இதுவே போதும்.

இத்தனைக்குப் பிறகும் இரட்டிப்பை முழுக்க ஒழிக்க முடியாது. w2 செத்தது எஸ்எம்எஸ் அனுப்பும் முன்பா, அனுப்பிவிட்டு ஒப்புகை கொடுக்கும் முன்பா? நிலுவைப் பட்டியலில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பட்டியலைப் பார்க்கும் w3-க்கு வேறுபாடு காண வழியே இல்லை. குறைந்தது ஒருமுறையாவது நடக்கும் என்பதுதான் ஸ்ட்ரீம் தரும் வாக்குறுதி. ஒரே ஒருமுறைதான் நடக்கும் என்ற வாக்குறுதி அதில் இல்லை.

‘அனுப்பியாயிற்று’ என்று ரெடிஸிலேயே ஒரு குறி வைத்துக்கொண்டால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். வைக்கலாம். ஆனால் அனுப்பும் முன் குறி வைத்துவிட்டுச் செத்தால், அடுத்தவர் குறியைப் பார்த்து ‘முடிந்துவிட்டது’ என்று விட்டுவிடுவார். டிக்கெட் போகவே போகாது. அனுப்பிய பின் குறி வைப்பதென்றால், அனுப்பியதற்கும் குறி வைப்பதற்கும் நடுவில் சாகலாம். இடைவெளி சிறிதாகும், மறையாது. கணக்குப் பிரிவுக் குரூப்புக்கு நல்ல தீர்வு இருக்கிறது. அதன் வேலை டேட்டாபேஸில் எழுதுவது. பதிவு எண் ஒருமுறைக்கு மேல் வரக்கூடாது என்று அட்டவணையிலேயே விதி போட்டுவிட்டால், இரண்டாவது முறை எழுத முயலும்போது டேட்டாபேஸே தடுத்துவிடும். வொர்க்கர் அதை வெற்றியாக எடுத்துக்கொண்டு ஒப்புகை கொடுத்துவிடலாம். பணம் திருப்பும் வேலை என்றால், கட்டண நிறுவனத்துக்கு ஒவ்வொரு கோரிக்கையோடும் பதிவு எண்ணிலிருந்து பிறந்த ஒரே குறிப்பு எண்ணை அனுப்பவேண்டும். அதே எண் மறுபடி வந்தால் அவர்கள் மறுபடி பணம் கொடுக்காத ஏற்பாடு இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். எஸ்எம்எஸ் மட்டும்தான் என்றால், ஆயிரத்தில் ஒருவருக்கு இரண்டு போகட்டும், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

இதுவரை வொர்க்கர் வெளிக் காரணத்தால் செத்தது. மெசேஜே வொர்க்கரைக் கொன்றால்? ஒரு பதிவில் செல்பேசி எண் காலியாக இருக்கிறது, அதைப் படிக்கும் நிரல் அப்படியே விழுந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். w2 வாங்கி விழும். இரண்டு நிமிடத்தில் w3 மீட்டெடுத்து அதுவும் விழும். பிறகு w1. மீட்பு ஏற்பாடு நன்றாக இருப்பதாலேயே விஷ மெசேஜ் எல்லோரிடமும் போய்வரும். இதற்குத்தான் நிலுவையின் நான்காவது எண். `XAUTOCLAIM` ஒவ்வொரு முறை கைமாற்றும்போதும் அது ஒன்று ஏறும். ஆனால் அதன் பதிலில் அந்த எண்ணிக்கை வராது, `XPENDING`-ஐத்தான் கேட்கவேண்டும். ஐந்தைத் தாண்டிய மெசேஜை வேலைக்கு எடுக்காமல் `tickets:dead` போன்ற தனி ஸ்ட்ரீமில் போட்டுவிட்டு, அதன்பின் மூல ஸ்ட்ரீமில் ஒப்புகை கொடுக்கவேண்டும். வரிசை முக்கியம். முதலில் ஒப்புகை கொடுத்துவிட்டு நடுவில் விழுந்தால் மெசேஜ் இரண்டு இடத்திலும் இருக்காது. தனி ஸ்ட்ரீமில் சேர்ந்ததை மனிதர் ஒருவர் தினமும் பார்க்கவேண்டும்; பார்க்க ஆளில்லாவிட்டால் அது குப்பைத்தொட்டிதான்.

துப்புரவு செய்யும்போது நடக்கும் இரண்டு விபத்துகளையும் சொல்லிவிடுகிறேன். செத்த வொர்க்கர்களின் பெயர்கள் குரூப்பில் சேர்ந்துகொண்டே போகும். அசிங்கமாக இருக்கிறதே என்று `XGROUP DELCONSUMER` போட்டு w2-ஐ நீக்கினால், அதன் பெயரில் இருந்த நிலுவைகளும் சேர்ந்து போய்விடும். மெசேஜ் ஸ்ட்ரீமில் இருக்கும். ஆனால் நிலுவையிலும் இல்லை, புதியதிலும் இல்லை. வழக்கமான மீட்புக் கட்டளைகளுக்கு அகப்படாது. நிலுவைகளை வேறொருவர் பெயருக்கு மாற்றி, பட்டியல் காலியானதை உறுதி செய்துகொண்டுதான் நீக்கவேண்டும்.

இரண்டாவது, ஒப்புகை கொடுப்பதால் மெசேஜ் ஸ்ட்ரீமிலிருந்து அழிவதில்லை. அழிக்காவிட்டால் நினைவகம் நிரம்பும். அதனால் சேர்க்கும்போதே `MAXLEN ~ 100000` என்று சுமார் ஒரு லட்சம் மெசேஜ்களை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். வழக்கமான வெட்டுதல், முடிந்த வேலையா முடியாத வேலையா என்று பார்க்காது. பழையதை வெட்டும், அவ்வளவுதான். வொர்க்கர்கள் எல்லோரும் ஒரு மணிநேரம் படுத்துவிட்டால் எத்தனை டிக்கெட் சேரும் என்று பார்த்து, அதைவிடப் பல மடங்கு அதிகமாக அந்த எண்ணை வைக்கவேண்டும்.

ரெடிஸே விழுந்தால் என்ன என்றும் கேட்கலாம். மாற்றங்களை வட்டில் எழுதும் ஏஓஎஃப் முறையை `everysec` அமைப்போடு பயன்படுத்துகிறவர்களுக்கு, மின்சாரம் போனால் கடைசி ஒரு வினாடி அளவு மெசேஜ்கள் போகலாம். அதனால் டிக்கெட் விற்ற செய்தியே ரெடிஸில் மட்டும் இருக்கக்கூடாது. அது முதலில் டேட்டாபேஸில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஸ்ட்ரீம் என்பது வேலையைப் பங்கிடத்தான்.

இப்படி ஒரு ஏற்பாட்டை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சோதனைச் சர்வரில் நூறு மெசேஜ்களைப் போட்டு, பாதி வேலையில் இருக்கும் வொர்க்கரை `kill -9` போட்டுக் கொல்லுங்கள். சாதாரண `kill` வேண்டாம், அது வொர்க்கர் கையில் இருப்பதை முடித்துவிட்டுப் போக இடம் கொடுக்கும். பிறகு `XPENDING tickets sms` என்று கேளுங்கள். செத்தவரின் பெயரும் அவர் கையில் இருந்த எண்ணிக்கையும் தெரியவேண்டும். தெரியாவிட்டால், ஒப்புகை தவறான இடத்தில் இருக்கிறது. கெடு முடிந்து சில வினாடிகள் கழித்து அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். எண்ணிக்கை குறையாவிட்டால், மீட்கும் வேலையை யாருமே செய்யவில்லை. குறைந்துவிட்டால், அனுப்பியவற்றின் லாகை எடுத்து நூறு பதிவு எண்ணும் இருக்கிறதா, எது இரண்டு முறை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கூட்டம் வரும் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.